முக்கியமான வரிக்கு முன்னால் நிறுத்தினால் "பேச்சு முடிந்தது" என்று நினைக்கிறார்கள். எங்கே நிறுத்துவது?

கண்மாய்க்கரை | 3 செப்டம்பர் 2023, இரவு 9.40

ஆகஸ்ட் 15 கிராமசபையில் எங்கள் ஊர்க் கண்மாய்க்காக ஐந்து நிமிஷம் பேசினேன். முக்கியமான விஷயத்துக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்று கேள்விப்பட்டிருந்ததால், எங்கே நிறுத்துவது என்று முதல் நாளே குறித்துவைத்துக்கொண்டு போனேன். நான் சொன்னது இதுதான்:

"மூணு வருஷமா நல்ல மழை. கண்மாய் நிறையல. காரணம் எல்லாருக்கும் தெரியும்."

இங்கே நிறுத்தினேன். அடுத்த வரியை எடுப்பதற்குள் மேடையில் இருந்த ஒருவர் "சரி, அடுத்த தீர்மானத்துக்குப் போவோம்" என்று மைக்கை வாங்கிவிட்டார். நான் சொல்ல வந்த விஷயமே அடுத்த வரியில்தான் இருந்தது: "நம்ம கண்மாய்க்குத் தண்ணீர் வராததற்குக் காரணம் வரத்துக்கால்வாயில் நானூறு அடி நீளத்துக்கு மண் மேவிக் கிடப்பதுதான் என்பதை இந்த நேரத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்."

அக்டோபர் 2-ஆம் தேதி மறுபடியும் கிராமசபை. இந்தத் தடவை கோட்டைவிட முடியாது. நிறுத்தியது தப்பா, நிறுத்திய இடம் தப்பா?

வேகநடை | 3 செப்டம்பர், இரவு 10.15

நிறுத்தியது சரிதான், போதாது அவ்வளவுதான். நான் சென்னையில் வாராவாரம் ஒரு பேச்சுப் பயிற்சிக் குழுவுக்குப் போகிறேன். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு அடுத்ததைத் தொடங்கச் சொல்லுவார்கள். நீளமான மௌனத்துக்குப் பயப்படவே கூடாது. 2011 ஜனவரியில் டூசான் நகரத் துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் ஒபாமா 51 நொடி பேசாமல் நின்றார். உலகமே அதைப் பற்றிப் பேசியது. நீங்கள் மூன்று நொடிக்கே தயங்கினால் எப்படி?

மழைத்துளி | 4 செப்டம்பர், காலை 7.05

எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. பாதியில் மறந்துபோய் அப்படியே நின்றுவிடுவேன். மகளிர் குழுக் கூட்டத்தில் ரெண்டு தடவை ஆகிவிட்டது. கையில் பேப்பர் வைத்துக்கொள்ளலாமா?

கண்மாய்க்கரை | 4 செப்டம்பர், இரவு 8.50

மழைத்துளி, நான் கேட்டது வேண்டுமென்றே நிறுத்துவதைப் பற்றி. ஆனாலும் பேப்பர் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. மறந்துவிட்டால், கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே மெதுவாக இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் அதிலேயே அடுத்தது வந்துவிடும். கேட்கிறவர்களும் அழுத்திச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

வேகநடை, மூன்று நொடி விட்டதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். தம்பி ஒருவன் கைபேசியில் எடுத்திருந்த காணொளியை இன்று வாங்கிப் பார்த்தேன். ஒலியை மட்டும் பிரித்து, அலைவடிவம் காட்டும் செயலியில் போட்டு அளந்தேன். "தெரியும்" முடிந்து அவர் "சரி" என்று ஆரம்பிக்கிற வரைக்கும் முக்கால் நொடிகூட இல்லை. அங்கே நிற்கும்போது எனக்கு அது அரை நிமிஷம் மாதிரி இருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. "தெரியும்" என்று சொன்ன கையோடு குனிந்து பேப்பரைப் பார்க்கிறேன்.

நெல்லிமரம் | 5 செப்டம்பர், மாலை 6.20

தம்பி, இருபத்திரண்டு வருஷம் பட்டிமன்ற மேடையில் நின்றவள் என்பதால் சொல்கிறேன். உங்களிடம் மைக்கை வாங்கியவர் மேல் பெரிய தப்பில்லை. பேச்சை அவர் கையில் கொடுத்தது நீங்கள்தான்.

சாதாரணமாக ரெண்டு பேர் பேசிக்கொள்ளும்போது ஒருவர் முடித்து மற்றவர் ஆரம்பிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பல மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சராசரி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் முக்கால் நொடி என்பது எதிரில் இருப்பவருக்குத் தாராளமான இடம். "இவர் முடித்துவிட்டார், இனி நான்" என்று யாருக்கும் தோன்றும். மேடையில் ஏறிவிட்டோம் என்பதால் மனுஷக் காது மாறிவிடாது.

இவர் இன்னும் முடிக்கவில்லை என்று கூட்டத்துக்கு எப்படித் தெரியும்? நம் மொழியில் அதற்கு நல்ல வசதி இருக்கிறது. தமிழ் வாக்கியம் வினைமுற்றில் முடியும். "தெரியும்", "நிறையல", "கிடக்குது" என்று முற்று வந்து, குரலும் இறங்கி, கண்ணும் பேப்பருக்குப் போனால் மூன்று பக்கமும் கதவைச் சாத்திவிட்டதாக அர்த்தம். எச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். "மூணு வருஷம் மழை பெஞ்சும்..." என்று நிறுத்தினால் ஒருத்தரும் குறுக்கே வரமாட்டார். "பெஞ்சும்" என்ற சொல்லே மிச்சம் ஒன்று பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. குரலை இறக்காமல் அதே உயரத்தில் விடுங்கள். கண் கூட்டத்தின் மேல் இருக்கட்டும். ரெண்டு நொடிகூட நிற்கலாம்.

இது முதல் பாதி. இன்னும் பெரிய சிக்கல் உங்கள் அடுத்த வரியில் இருக்கிறது. யாரும் குறுக்கிடாமல் இருந்திருந்தாலும் அந்த வரி எடுபட்டிருக்காது. அதில் ஊர்க்காரர் மனசில் நிற்கவேண்டிய சொல் எது? "நானூறு அடி". அது வாக்கியத்தின் நடுவில் அகப்பட்டுக் கிடக்கிறது. அதற்கு முன்னால் நிறுத்தினாலும், பின்னால் "நீளத்துக்கு மண் மேவிக் கிடப்பதுதான் என்பதை இந்த நேரத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று ஒரு ரயில் பெட்டியே வருகிறது. நிறுத்திச் சம்பாதித்ததை அந்த வால் அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆங்கிலப் பேச்சைப் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு இது பிடிபடாது. அங்கே வினை முன்னாலேயே வந்துவிடும், சொல்லவேண்டிய பொருள் பெரும்பாலும் கடைசியில் விழும். நாம் வாக்கியத்தைக் கொஞ்சம் திருப்பிப் போடவேண்டும். "நானூறு அடி அடைச்சுக் கிடக்குது" என்பதை "அடைச்சுக் கிடக்குறது... நானூறு அடி" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். "கிடக்குறது" என்று நிறுத்தினால் "எவ்வளவு?" என்று கூட்டமே மனசுக்குள் கேட்கும். "நானூறு அடி" என்று முடித்தபின் ஒரு சொல் சொல்லாதீர்கள்.

கண்மாய்க்கரை | 5 செப்டம்பர், இரவு 10.30

அக்கா, ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பேன் போல. அந்த "தெரிவித்துக்கொள்கிறேன்" வால் என் பேச்சில் ஐந்து நிமிஷத்தில் ஒன்பது இடத்தில் இருக்கிறது. இப்போதுதான் காணொளியில் எண்ணினேன்.

கண்மாய்க்கரை | 7 செப்டம்பர், காலை 6.10

திருத்தி எழுதியிருக்கிறேன். சாய்கோடு வருகிற இடமெல்லாம் நிறுத்தம். ஒரு கோடு ஒரு மூச்சு.

மூணு வருஷம் நல்ல மழை பெஞ்சும் /
நம்ம கண்மாய் நிறையல.
வரத்துக்கால்வாய் மொத்தம் ரெண்டு கிலோமீட்டர்.
அதுல அடைச்சுக் கிடக்குறது //
நானூறு அடி. ///

"காரணம் எல்லாருக்கும் தெரியும்" என்ற வரியை எடுத்துவிட்டேன். தெரியும் என்று நானே சொல்லிவிட்டால் அப்புறம் எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

ஒரு சந்தேகம். "நிறையல" என்ற இடத்திலும் நிறுத்த ஆசையாக இருக்கிறது. அது வருத்தமான இடம். ஆனால் அங்கே நிறுத்தினால் பழைய கதைதான் என்று தோன்றுகிறது.

நெல்லிமரம் | 7 செப்டம்பர், மதியம் 1.15

நிறுத்தாதீர்கள். ஐந்து வரியில் நாலு இடத்தில் நிறுத்தினால் எது பெரியது என்று கூட்டத்துக்குத் தெரியாது. வேகநடை சொன்ன "ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று நொடி" என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லாததும் இதனால்தான். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் தாலாட்டு மாதிரி ஆகிவிடும். சாதாரண வாக்கியங்களை ஓட்டத்தில் விடுங்கள். ஓடிவந்து நின்றால்தான் நின்றது தெரியும்.

வேகநடை | 7 செப்டம்பர், இரவு 9.00

மேடம், மூன்று நொடி என்பது வேகமாகப் பேசுகிறவர்களுக்கான ஆரம்பப் பயிற்சி. எனக்கு அது நிஜமாகவே உதவியது. "வந்து", "அதாவது" எல்லாம் என் பேச்சிலிருந்து போனதே அதனால்தான். ஆனால் அதை அப்படியே மேடைக்குக் கொண்டுபோகச் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். 51 நொடி பற்றி என்ன சொல்கிறீர்கள்?

நெல்லிமரம் | 8 செப்டம்பர், காலை 11.40

அந்தக் காணொளியை நானும் பார்த்திருக்கிறேன். இறந்துபோன 9 வயதுச் சிறுமியைப் பற்றிச் சொல்லிவிட்டு அவர் நிற்கிறார். எதற்காக நிற்கிறார் என்று அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தொண்டை அடைத்த மனிதரைக் கூட்டம் காத்திருந்து பார்க்கிறது. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கால்வாயைப் பற்றிப் பேசும்போது 51 நொடி நின்றால், மயக்கம் வந்துவிட்டது என்று யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் கலைஞரின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். "என் உயிரினும் மேலான" என்று ஆரம்பித்தாலே கூட்டம் ஆர்ப்பரிக்கும். அடுத்து வரப்போகிற "உடன்பிறப்புகளே" எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த சொல்லுக்கு முன்னால் வருகிற இடைவெளியைக் கூட்டமே நிரப்பும். தெரியாத சொல்லுக்கு முன்னால் கூட்டம் காத்திருக்கும். ரெண்டும் வேறு வேறு வேலை. உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது, தம்பி.

ஒலிபெருக்கி | 9 செப்டம்பர், இரவு 11.20

மைக்செட் வைத்திருக்கிறேன். கோயில் விழா, கட்சிக் கூட்டம், கல்யாணம் எல்லாம் பார்த்தாச்சு. இவ்வளவு நேரம் வாக்கியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்கே நடக்கிறது கூட்டம்?

கண்மாய்க்கரை | 10 செப்டம்பர், காலை 6.30

பள்ளிக்கூட மைதானத்தில் வேப்பமரத்தடி. மரத்தில் ஒரு கூம்பு. தெரு முனைக் கம்பத்தில் இன்னொன்று. எதிரே பள்ளிக் கட்டடம்.

ஒலிபெருக்கி | 10 செப்டம்பர், இரவு 10.45

அப்படியென்றால் கேளுங்கள். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். தெரு முனைக் கூம்பு நூறு மீட்டர் தள்ளி இருந்தால், அதிலிருந்து வருகிற உங்கள் குரல் மரத்தடியில் இருப்பவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி தாமதமாகத்தான் கேட்கும். கட்டடத்தில் மோதித் திரும்புவது வேறு. நீங்கள் வாயை மூடியதும் அமைதி வந்துவிடாது. "அடி... அடி" என்று சொன்னதே திரும்ப வந்து ஓய்ந்தபிறகுதான் மௌனம் ஆரம்பிக்கும். கல்யாண மண்டபத்தில் இன்னும் மோசம், நல்ல பெரிய மண்டபமென்றால் ரெண்டு நொடி வரைக்கும் சத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் எண்ணவேண்டாம். காதைத் தீட்டிக்கொண்டு, எதிரொலி அடங்கிய பிறகு ஒரு மூச்சு விடுங்கள்.

அப்புறம், நிறுத்தும்போது மைக்கை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு மூச்சு விட்டால் "புஸ்" என்று ஊருக்கே கேட்கும். கையை ஆட்டாமல் முகத்தை மட்டும் லேசாகத் திருப்பினால் போதும். இன்னொன்று, பேச்சு நின்றதும் மைக் வேலை செய்யவில்லையோ என்று சில பையன்கள் வால்யூமை ஏற்றிவிடுவார்கள். "கூ"வென்று கத்தும். நிறுத்தி நிறுத்திப் பேசுவேன் என்று ஆபரேட்டரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நாங்களும் மனுஷன்தான், சொன்னால் கேட்போம்.

சாக்பீஸ் | 12 செப்டம்பர், மாலை 5.30

ஆசிரியை. வகுப்பறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். 1970-களில் மேரி பட் ரோ என்பவர் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நானும் செய்து பார்த்தேன், உண்மைதான். முதல் ஒரு வாரம் எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

நீங்கள் ஏன் கேள்வியாகவே கேட்கக்கூடாது? "எவ்வளவு அடைச்சுக் கிடக்குதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

நெல்லிமரம் | 12 செப்டம்பர், இரவு 8.10

வகுப்பறை வேறு, கிராமசபை வேறு அம்மா. கேள்வி கேட்டு நின்றால் நிஜமாகவே பதில் வரும். ஒருவர் "ஒண்ணும் இல்ல, நாப்பது அடிதான்" என்று சொன்னால் அங்கேயே சண்டை ஆரம்பித்துவிடும். எனக்கு இதில் தைரியம் இல்லை.

சாக்பீஸ் | 12 செப்டம்பர், இரவு 9.25

பதில் வந்தால் நல்லதுதானே அக்கா? கால்வாய் அவர்களுடையது.

கண்மாய்க்கரை | 15 செப்டம்பர், இரவு 9.15

ரெண்டு பேர் சொல்வதும் சரியாகப் படுகிறது. முடிவெடுக்கவில்லை.

இந்த வாரம் நடந்தது இது. தினமும் கண்மாய்க் கரையில் நின்று நாலு தடவை சொல்லிப் பதிவு செய்கிறேன். முதல் நாள் "கிடக்குறது" என்ற இடத்தில் 0.6 நொடி. எண்ணினால் எண்ணிக்கை வேகமாகிவிடுகிறது. படபடப்பில் ஒன்று ரெண்டு மூன்று எல்லாம் ஒரே நொடியில் ஓடிவிடும். வேறு வழி கண்டுபிடித்தேன். நிறுத்திய இடத்தில், இப்போது சொன்ன சொற்களையே மனசுக்குள் மெதுவாக ஒரு தடவை சொல்கிறேன். "அதுல அடைச்சுக் கிடக்குறது." அது முடியும்போது ஒன்றரை நொடி ஆகிறது, எப்போதும் கிட்டத்தட்ட அதே அளவு. கேட்கிறவருக்கும் அதை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க அவ்வளவு நேரம் வேண்டும்தானே.

"நானூறு அடி"க்குப் பிறகு மூன்று நொடி. இது இன்னும் கஷ்டம். முன்னால் நிறுத்தும்போது சொல்ல ஒன்று கையில் இருக்கிறது என்ற பலம் இருக்கிறது. சொன்னபிறகு கையில் ஒன்றும் இல்லை. உடனே விளக்கம் சொல்ல வாய் துடிக்கிறது.

பேப்பரையும் மாற்றிவிட்டேன். சர்ச்சில் தன் பேச்சுக் குறிப்புகளைப் பத்தியாக அடிக்காமல், பைபிளில் வரும் சங்கீதங்கள் மாதிரி சின்னச் சின்ன வரிகளாக உடைத்துத் தட்டச்சு செய்து வைத்துக்கொள்வார். அதே மாதிரி ஒரு மூச்சுக்கு ஒரு வரி எழுதினேன். "நானூறு அடி" தனி வரி, அதற்குக் கீழே மூன்று வரி வெற்றிடம். வெற்றிடத்தைப் பார்த்தால் வாய் தானாக அடங்குகிறது.

வேகநடை | 16 செப்டம்பர், காலை 8.00

சொன்ன சொல்லையே மனசுக்குள் திரும்பச் சொல்வது அருமை. இந்த வாரம் குழுவில் செய்து பார்க்கிறேன்.

ஒரு கேள்வி. எங்கள் தமிழையா காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு ரெண்டு, முற்றுப்புள்ளிக்கு நாலு என்று சொல்லிக்கொடுத்தார். அந்தக் கணக்கு மேடைக்கு ஆகாதா?

நெல்லிமரம் | 16 செப்டம்பர், மாலை 7.30

வாசிப்பதற்கு ஆகும். அதில்கூட முற்றுப்புள்ளிக்குத்தான் பெரிய நிறுத்தம். மேடையில் நமக்கு வேண்டிய பெரிய நிறுத்தம் புள்ளியே இல்லாத இடத்தில் வருகிறது, "கிடக்குறது"க்கும் "நானூறு"க்கும் நடுவில்.

இன்னொன்று ஞாபகம் வந்தது. நிறுத்தும் இடத்தில் ஒற்று மிகுந்தால் என்ன செய்வது? "கால்வாயைத் தூர்த்தது" என்பதில் "கால்வாயை" என்று நிறுத்தினால் அந்தத் "த்"தை விட்டுவிடவேண்டும். எழுதியதைப் பார்த்துப் படிக்கிறவர்கள் "கால்வாயைத்" என்று சொல்லி நிற்பார்கள், நாக்கு பல்லில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அடுத்த எழுத்தும் வெளியே தெரிந்துவிடும்.

ஒலிபெருக்கி | 16 செப்டம்பர், இரவு 11.50

அக்கா, நான் கேட்ட பெரிய பேச்சாளர்கள் சிலர் அந்த எழுத்தைப் பிடித்துவைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். கூட்டம் அதிலேயே தொங்கும். தப்பு என்று சொல்லமுடியாது.

நெல்லிமரம் | 17 செப்டம்பர், காலை 10.05

அவர்களுக்கு வரும். எனக்கு வந்ததில்லை.

கண்மாய்க்கரை | 3 அக்டோபர் 2023, காலை 5.50

நேற்று பேசியாச்சு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மைக்செட் தம்பியிடம் முன்னாலேயே சொல்லிவைத்தேன். "பெஞ்சும்" என்று நிறுத்தினேன். பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்த ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் யாரும் அசையவில்லை. "அதுல அடைச்சுக் கிடக்குறது" என்று நிறுத்தி மனசுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா, சத்தமாகக்கூட இல்லை, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது மாதிரி, "பாலத்துலேருந்து ஒத்தப்பனை வரைக்கும்" என்றார்.

இதற்கு நான் தயாராக இல்லை. சாக்பீஸ் அக்கா சொன்ன கேள்வியை நான் கேட்கவே இல்லை, பதில் மட்டும் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் தடுமாறி, "ஆமா ஆத்தா. பாலத்துலேருந்து ஒத்தப்பனை வரைக்கும். நானூறு அடி" என்றேன். பேப்பரில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தேன். நின்றேன்.

பதிவில் அளந்தேன். நாலு நொடிக்குக் கொஞ்சம் மேலே. அதில் காக்காச் சத்தமும் தெரு முனைக் கூம்பிலிருந்து தேய்ந்து வருகிற "அடி"யும் கேட்கிறது. அப்புறம் ஒருவர் "அளந்தீங்களா?" என்று கேட்டார். அளந்த டேப்பை எடுத்துக் காட்டினேன். தூர்வாரத் தீர்மானம் எழுதினார்கள். வேலை எப்போது தொடங்கும் என்று தேதி போடவில்லை.

சாக்பீஸ் | 3 அக்டோபர், காலை 8.40

நீங்கள் கேட்காவிட்டாலும் அந்த இடைவெளிதானே கேள்வி!

நெல்லிமரம் | 3 அக்டோபர், மதியம் 2.30

கேள்விக்குப் பதில் வந்தால் சண்டை வரும் என்று பயந்தேன். இங்கே வரவில்லை. ஆனால் அந்த ஆத்தாவுக்குப் பதிலாக வேறு ஒருவர் "நாப்பது அடி" என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் தம்பி? ஒன்றரை நொடி அதற்கும் போதும். அந்த இடத்தில் ஒரு நொடியோடு நிறுத்தியிருக்கலாமோ என்று இன்னமும் யோசிக்கிறேன்.

கண்மாய்க்கரை | 3 அக்டோபர், இரவு 9.10

டேப் கையில் இருந்தது அக்கா. ஆனாலும் நீங்கள் கேட்பது நியாயம்தான். டேப் இல்லாத விஷயத்துக்கு அவ்வளவு நேரம் நிற்பேனா என்று தெரியவில்லை.

மழைத்துளி | 4 அக்டோபர், காலை 7.20

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டத்தில் மறுபடியும் மறந்துபோனது. கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொன்னேன். "கடன் வட்டி ரெண்டு ரூபாய்தான்" என்பது அந்த வாக்கியம். அடுத்தது உடனே வரவில்லை, ஆனால் எல்லாரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.